டிக்கெட் நிகழ்ச்சிக்கு டீசர்: எப்போது போடுவது, எதை எண்ணுவது

கேள்வி: நாங்கள் மதுரையில் ஐந்து பேர் கொண்ட இசைக்குழு. ஆறு வாரம் கழித்து 300 இருக்கை உள்ள அரங்கில் டிக்கெட் வைத்து நிகழ்ச்சி செய்கிறோம். போன முறை ஒரு மாதம் தினமும் இன்ஸ்டாவில் போஸ்ட் போட்டோம், லைக் எல்லாம் நன்றாக வந்தது, டிக்கெட் மட்டும் 110தான் போனது. இந்த முறை டீசர்களை எப்படி இடைவெளி விட்டுப் போடுவது? எந்தப் போஸ்ட்டைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

பதில்: வழி இருக்கிறது, ஆனால் அதை முதல் போஸ்ட் போடுவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்தபின் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் 2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை திருச்சியில் 320 இருக்கை அரங்கில் ஒரு நிகழ்ச்சி செய்தோம். அதற்கு முந்தைய நிகழ்ச்சியில் உங்களைப் போலவே தினமும் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்தான் நாங்களும். அதனால் திருச்சிக் கணக்கையே வைத்துச் சொல்கிறேன், உங்கள் தேதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆறு வாரத்தில் நாங்கள் போட்டவை மொத்தம் பதினோரு போஸ்ட். அதில் முதல் மூன்றில் லிங்கே கிடையாது. ஆகஸ்ட் 2 அன்று ஒன்பது நொடி வீடியோ ஒன்று: தவில் வாரை இழுத்துக் கட்டும் கை, அந்த சத்தம், கடைசியில் ‘செப்டம்பர் 13, திருச்சி’ என்ற எழுத்து. யார் முகமும் இல்லை. 5ஆம் தேதி ஒத்திகையிலிருந்து வெறும் ஆடியோ. 7ஆம் தேதி போஸ்டர், கூடவே ‘நாளை இரவு 7 மணிக்கு டிக்கெட்’ என்ற ஒரே வரி. இந்த மூன்றுக்கும் க்ளிக் எண்ணுவதில் அர்த்தம் இல்லை, வாங்க எதுவும் இல்லாத நேரத்தில் எதை அழுத்துவார்கள்? நாங்கள் பார்த்தது எத்தனை பேர் சேவ் செய்தார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள் என்பதை மட்டும்தான். போன முறை உங்கள் டீசரிலேயே டிக்கெட் லிங்க் இருந்திருந்தால் அங்கேயே பாதி சறுக்கல். நிகழ்ச்சிக்கு 40 நாள் இருக்கும்போது லிங்கைப் பார்ப்பவர் ‘அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று தள்ளிவிடுவார், பிறகு அதே லிங்கைத் தினமும் பார்க்கப் பார்க்க அது சுவரில் காய்ந்துபோன போஸ்டர் மாதிரி ஆகிவிடும்.

விற்பனை திறக்கும் நாளை நாங்கள் ஆகஸ்ட் 8 என்று வைத்ததற்குக் காரணம் சம்பளம்தான். மாதத்தின் முதல் பத்து நாளில் 399 ரூபாயை யோசிக்காமல் போடுகிறவர், 26ஆம் தேதி அதே தொகைக்கு நண்பனிடம் ‘நீ போட்டு வை’ என்பார். ஆறு வாரம் என்றால் நடுவில் இரண்டு சம்பள வாரம் வரும். முதலாவதில் விற்பனையைத் திறங்கள், இரண்டாவதில் உங்களிடம் இருக்கும் நல்ல சரக்கை இறக்குங்கள். அப்புறம் காலண்டரைப் பார்த்து எந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 14 ரஜினி படம் வெளியானது, மறுநாள் சுதந்திர தினம், அதோடு சனி ஞாயிறும் ஒட்டிக்கொண்டது. 12 முதல் 17 வரை நாங்கள் எதுவுமே போடவில்லை. அந்த ஆறு நாளில் நம் தவிலை யார் கேட்கப்போகிறார்கள்?

ஆகஸ்ட் 19 தவில் ஒத்திகை ரீல். 23ஆம் தேதி ‘399 நாளையோடு முடிகிறது, அப்புறம் 499’ என்ற ஸ்டோரி. மாதக் கடைசியில் ஒத்திகை அறையில் டீ கொட்டிய கதை ஒன்று, லிங்க் இல்லாமல், சும்மா. செப்டம்பர் 2 வாட்ஸாப்பில் பாடகியின் குரல் பதிவு, 5ஆம் தேதி ஒரு பாட்டின் நாற்பது நொடி, 9ஆம் தேதி எத்தனை இருக்கை மிச்சம் என்ற ஸ்டோரி, 11ஆம் தேதி அரங்கத்துக்கு எப்படி வருவது. எண்ணிப் பார்த்தால் விற்பனை திறந்தபின் 17 நாளில் மூன்றே லிங்க் போஸ்ட், கடைசி 12 நாளில் நான்கு. இந்த சாய்வு வேண்டுமென்றே செய்தது. டிக்கெட் விற்பனை திறக்கும்போது கொஞ்சம் எகிறும், நடுவில் படுத்துவிடும், கடைசி வாரம் மறுபடி எழும்பும். நிகழ்ச்சி நடத்தும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நடுவில் படுக்கும்போது பயந்துபோய் தினமும் போட ஆரம்பிப்பதும், விலையைக் குறைப்பதும்தான் பெரிய தப்பு. முன்பதிவு விலையை ‘மக்கள் கேட்டதால் மேலும் மூன்று நாள்’ என்று நீட்டிக்கவே நீட்டிக்காதீர்கள், அடுத்த முறை நீங்கள் சொல்லும் எந்தக் கடைசித் தேதியையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

இடைவெளி பற்றி இன்னொன்று. ரீலுக்குள் ‘இன்னும் 5 நாள்’, ‘இந்த சனிக்கிழமை’ என்று எழுதவே கூடாது. ரீலை இன்ஸ்டாகிராம் தேதி வரிசையில் காட்டுவதில்லை; இன்று போட்டதை ஒருவருக்கு இன்றும் இன்னொருவருக்குப் பத்து நாள் கழித்தும் காட்டும். நிகழ்ச்சி முடிந்த மறுவாரம் ‘இந்த சனிக்கிழமை’யைப் பார்த்துவிட்டு ஒருவர் லிங்கைத் தேடுவார். ரீலில் தேதியும் ஊரும் மட்டும். நாள் எண்ணுவதெல்லாம் ஸ்டோரியில், அது 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும்.

சரி, இப்போது லிங்க். விதி ஒன்றுதான்: ஒரு போஸ்ட்டுக்கு ஒரு லிங்க், ஒரே லிங்க் இரண்டு இடத்துக்குப் போகக் கூடாது. எல்லா லிங்கும் ஒரே டிக்கெட் பக்கத்துக்குத்தான் போகும், வாலில் ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் வேறு. அந்த வாலுக்கு யுடிஎம் என்று பெயர். எங்கள் வாட்ஸாப் குரல் பதிவின் வால் இப்படி இருந்தது (லிங்கில் கேள்விக்குறிக்குப் பின் இவை `&` போட்டு ஒன்றாக ஒட்டி வரும்):

```
utm_source=whatsapp
utm_medium=broadcast
utm_campaign=trichy-sep13
utm_content=p08-voice
```

முதல் வரி எந்த ஆப், இரண்டாவது அதில் எந்த வடிவம், மூன்றாவது எந்த நிகழ்ச்சி, நான்காவது எந்தப் போஸ்ட். எல்லாமே சின்ன எழுத்தில். கூகுள் அனலிட்டிக்ஸ் `Instagram` என்பதையும் `instagram` என்பதையும் வேறு வேறு ஆளாகத்தான் எண்ணும். இரண்டு பேர் லிங்க் செய்தால் இந்தச் சண்டை நிச்சயம், அதனால் பதினோரு போஸ்ட்டின் பெயரையும் முதல் நாளே ஒரு ஷீட்டில் எழுதிவிட்டு அங்கிருந்து காப்பி செய்யுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த வால் கொண்டுவரும் தகவல், போய்ச் சேரும் பக்கம் யாருடையதோ அவர்களுக்குத்தான் கிடைக்கும். டிக்கெட் தளத்தின் லிங்கிலேயே நேராக வாலை ஒட்டினால் அந்தத் தளத்துக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. சில தளங்கள் உங்கள் அனலிட்டிக்ஸ் எண்ணை அவர்கள் பக்கத்தில் போட விடும், பல தளங்கள் விடாது. எங்கள் தளம் விடவில்லை. அதனால் எங்கள் சொந்தப் பெயரில் ஒரே ஒரு பக்கம் போட்டோம்: போஸ்டர், தேதி, இடம், விலை, ‘டிக்கெட் வாங்க’ என்ற பட்டன். எல்லா லிங்கும் முதலில் இங்கே வரும், இங்கிருந்து பட்டன் வழியாக டிக்கெட் தளத்துக்கு. பட்டனை அழுத்துவதையும் தனியாக எண்ணலாம். இது பெரிய வேலை போலத் தோன்றினால், சுருக்க லிங்க் தரும் சேவை ஏதாவது ஒன்றில் போஸ்ட்டுக்கு ஒன்றாகச் செய்துகொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை க்ளிக் என்று அதுவே காட்டும். முதல் முறைக்கு அது போதும். ஒன்று மட்டும் கவனம்: வாட்ஸாப்பில் லிங்கை ஒட்டியதும் குட்டிப் படமும் தலைப்பும் வருகிறதே, அதற்காக ஆப் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்க்கிறது. இப்படி மனிதர் தொடாத வருகைகளைக் கழிக்காத சேவையில் அதுவும் க்ளிக்காக ஏறும். லிங்கைச் செய்து உங்களுக்கு நீங்களே அனுப்பிப் பாருங்கள். தொடாமலேயே எண்ணிக்கை ஒன்று கூடினால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் தலைவலி என்னவென்றால் போஸ்ட்டின் கீழே எழுதும் லிங்க் வேலை செய்யாது. ஸ்டோரியில் ஸ்டிக்கராக ஒட்டலாம், அதற்குத் தனி லிங்க் சுலபம். ரீலைப் பார்ப்பவர் பயோவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், பயோ லிங்க்கோ எந்த ரீலிலிருந்து வந்தார் என்று சொல்லாது. நாங்கள் செய்தது: ரீலில் ‘கமெண்ட்டில் தவில் என்று போடுங்கள், லிங்க் அனுப்புகிறோம்’ என்று எழுதினோம், அப்படிப் போட்டவருக்கு அந்த ரீலுக்கான லிங்கை மெசேஜில் அனுப்பினோம். தானாக அனுப்பும் சேவைகள் இருக்கின்றன, எங்கள் அளவுக்குத் தேவைப்படவில்லை. பதிலை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு கீபோர்டு வாசிக்கும் பையன் பஸ்ஸில் போகும்போதே அனுப்பிவிட்டான். யூட்யூப் ஷார்ட்ஸிலும் இதே கதைதான், 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அதன் விவரக் குறிப்பிலும் கமெண்ட்டிலும் போடும் லிங்கைத் தொட்டால் திறக்காது.

இப்போது அடி வாங்கிய கதை. ஆகஸ்ட் 8 இரவு 7 மணிக்கு விற்பனை திறந்தோம். 9 மணிக்கு ஷீட்டைப் பார்த்தால் இன்ஸ்டா ஸ்டோரியில் 118 க்ளிக், அந்த வழியாக வந்த டிக்கெட் 4. அதே நேரத்தில் வாட்ஸாப்பில் 63 க்ளிக், டிக்கெட் 15. ஆள் வகை வேறு, கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், ஆனால் இவ்வளவா? அந்த 118 பேரும் எங்களைப் பின்தொடர்கிறவர்கள். என் போனில் ஸ்டோரியிலிருந்து நானே ஒரு டிக்கெட் வாங்கப் பார்த்தேன். இன்ஸ்டாகிராம் லிங்கைக் குரோமில் திறக்காது, தன் உள்ளேயே ஒரு குட்டி பிரவுசரில் திறக்கும். அதில் டிக்கெட் தளத்தில் யுபிஐ பட்டனை அழுத்தினால் ஜிபே திறக்கவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாட்ஸாப்பில் தொட்டால் குரோமில் திறக்கிறது, அங்கே பிரச்சினை இல்லை. இரவோடு இரவாக எங்கள் பக்கத்தில் பட்டனுக்கு மேலே ‘மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, வெளி பிரவுசரில் திறந்து வாங்குங்கள்’ என்று எழுதி, ஸ்டோரியிலும் அதையே படமாகப் போட்டோம். மறுநாளிலிருந்து சரியானது. எங்கள் சொந்தப் பக்கம் நடுவில் இல்லாமல் இருந்திருந்தால் அதை எழுத இடமே இருந்திருக்காது, இரண்டு லிங்கும் ஒன்றாக இருந்திருந்தால் 181 க்ளிக், 19 டிக்கெட் என்று பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று படுத்திருப்போம். அதனால் விற்பனைக்கு முந்தைய நாள் ஒவ்வொரு லிங்கையும் அது போடப்படும் ஆப்புக்குள்ளிருந்தே தொட்டு, பணம் கட்டும் வரை போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டரில் சோதிப்பது சோதனையே இல்லை.

எண்களைப் படிக்கும் முறைக்கு வருகிறேன். க்ளிக் ஒரு பக்கம், டிக்கெட் தளம் தரும் விற்பனைப் பட்டியல் இன்னொரு பக்கம்; அந்தப் பட்டியலில் வாங்கிய நேரம் இருக்கும். ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் அடுத்த 48 மணி நேரத்தில் எத்தனை க்ளிக், எத்தனை டிக்கெட் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். போஸ்ட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நாளாவது இடைவெளி விட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம், தினமும் போட்டால் எந்த டிக்கெட் எதனால் என்று பிரிக்கவே முடியாது.

தவில் ரீலை 41,000 முறை பார்த்திருந்தார்கள், எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. க்ளிக் 74, டிக்கெட் 6. இன்சைட்ஸில் ஊர் வாரியாகப் பார்த்தால் சென்னை, பெங்களூரு, கோவை எல்லாம் முன்னால் நிற்க, திருச்சி அதற்குக் கீழே. பெங்களூரில் இருப்பவர் ஹார்ட் போடுவார், 499 கொடுத்து ரயில் ஏறி வர மாட்டார். செப்டம்பர் 2 குரல் பதிவு இதற்கு நேர் எதிர். பாடகி தன் போனில் இருபது நொடி பேசியது: ‘அக்கா, அண்ணா, 13ஆம் தேதி திருச்சியில் பாடுகிறேன், புதுப் பாட்டு இரண்டு இருக்கு, நீங்க வந்தா நல்லாயிருக்கும்’ என்று. பழைய நிகழ்ச்சிகளுக்கு வந்த 180 பேருக்குப் போனது. க்ளிக் 71, டிக்கெட் 22. வாட்ஸாப் பிராட்காஸ்ட் ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் போகும், ஆகவே வாசலில் டிக்கெட் பார்க்கும்போதே ‘இந்த நம்பரை சேவ் பண்ணிக்குங்க’ என்று சொல்லும் பழக்கம் வேண்டும்.

நாங்கள் எதிர்பார்க்காதது 11ஆம் தேதி போஸ்ட். அழகே இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் வர வேண்டும், பைக் எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு முடியும் என்று மூன்று ஸ்டோரி. 38 க்ளிக், 14 டிக்கெட். ‘9 மணிக்கு முடிந்துவிடும்’ என்ற வரிக்கு மட்டும் ஏழெட்டுப் பேர் பதில் அனுப்பினார்கள், எல்லாம் குடும்பத்தோடு வர நினைத்தவர்கள். கடைசி நேரத்தில் தயங்குபவருக்கு இன்னொரு டீசர் தேவையில்லை, வீட்டுக்கு எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று தெரிய வேண்டும்.

இதை வைத்து ரீல் வீண், வாட்ஸாப் போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குரல் பதிவைக் கேட்டு வாங்கியவர் ஏற்கெனவே ரீலைப் பார்த்திருப்பார். க்ளிக் கணக்கு கடைசியாகத் தொட்ட லிங்கைத்தான் சொல்லும். ஸ்டோரி லிங்கை ஒருவர் காப்பி செய்து குடும்ப குரூப்பில் போட்டால், அங்கிருந்து வாங்கும் நால்வரும் இன்ஸ்டா கணக்கில்தான் ஏறுவார்கள். இன்ஸ்டாவுக்குள் பார்த்துவிட்டுப் பிறகு தளத்துக்கு நேராகப் போய் வாங்குபவர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார். இதற்கு ஒரு சின்ன மருந்து: டிக்கெட் படிவத்தில் கேள்வி சேர்க்க முடிந்தால் ‘எங்களைப் பற்றி முதலில் எங்கே பார்த்தீர்கள்?’ என்று ஒன்றே ஒன்று. எங்கள் படிவத்தில் ரீல் என்று சொன்னவர்கள் க்ளிக் கணக்கு காட்டியதைவிட நிறையவே இருந்தார்கள். தள்ளுபடிக் கோடு வைத்துப் பிரிக்கலாம் என்பார்கள். ஒரு கோடு வெளியே போனால் அரை நாளில் எல்லா குரூப்பிலும் இருக்கும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எங்கள் எண்ணிக்கை போன விதத்தையும் சொல்கிறேன், உங்களுக்கு நடுவில் வயிறு கலங்கும்போது உதவும். முதல் மூன்று நாளில் 52. முன்பதிவு விலை முடிந்த ஆகஸ்ட் 24 இரவு 97. அடுத்த எட்டு நாளில் வெறும் 7, அதில் இரண்டு பேர் எங்கள் டிரம்மரின் மாமாவும் அத்தையும். செப்டம்பர் 4இல் 131. கடைசியில் 274. அதாவது பாதிக்கு மேல் கடைசி ஒன்பது நாளில். உங்கள் ஊரில் இதே கணக்கு வரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த முறை ஷீட் வைத்துவிட்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு உங்கள் கணக்கே உங்களிடம் இருக்கும்.

கடைசியாக, போஸ்டரில் க்யூஆர் கோடு போடுவதாக இருந்தால் அதற்குள் டிக்கெட் தளத்தின் முகவரியை வைக்காதீர்கள், உங்கள் சொந்தப் பக்கத்தின் முகவரியை வைத்து, அதற்கும் தனி வால் ஒட்டுங்கள். அச்சடித்தபின் க்யூஆரை மாற்ற முடியாது, அது போய்ச் சேரும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலை நாங்கள் அந்தப் பக்கத்தில் டிக்கெட் பட்டனை எடுத்துவிட்டு, ‘அடுத்த நிகழ்ச்சியைச் சொல்ல உங்கள் வாட்ஸாப் எண்’ என்று ஒரு பெட்டி வைத்தோம். தில்லை நகரில் ஒரு ஜூஸ் கடைச் சுவரில் எங்கள் போஸ்டர் இன்னும் கிழியாமல் இருக்கிறது போல. `poster-thillai` என்ற பெயரில் மாதம் இரண்டு மூன்று க்ளிக் வந்துகொண்டே இருக்கிறது, அதில் ஐந்து பேர் எண்ணையும் கொடுத்திருக்கிறார்கள்.